மணமகள் தேவை: ஈசூன், சிங்கப்பூர்

பெயர்: குமரவேல். வயது 34. உயரம் 170 செ.மீ. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர். அனுஷம், விருச்சிக ராசி. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து, பிறகு வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக டிப்ளோமா முடித்தவர். இரண்டு வருட தேசிய சேவையைக் குடிமைத் தற்காப்புப் படையில் முடித்தார். 40 வயது வரை அவ்வப்போது பயிற்சிக்கு அழைப்பார்கள்.

இதை எழுதுகிற நான் அவருடைய அக்கா. திருமணமாகி இரண்டு பிள்ளைகளுடன் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். அப்பா செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், 2016இல் காலமானார். தாத்தா காலத்திலேயே பட்டுக்கோட்டை பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். சாதி பார்க்கவில்லை. ஜாதகம் அம்மாவின் மனநிறைவுக்காகப் பார்ப்போம். பொருந்தவில்லை என்றாலும் பேச்சை அதோடு நிறுத்த மாட்டோம்.

தம்பி எம்ஆர்டி ரயில் பாதைப் பராமரிப்பில் டெக்னீஷியன். கடைசி ரயில் போய், தண்டவாளத்தில் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் இவர்கள் இறங்க முடியும். விடிகாலை முதல் ரயில் கிளம்புவதற்குள் ஆட்களும் கருவிகளும் வெளியே வந்துவிட வேண்டும். நடுவில் கிடைப்பது ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். அதனால் பெரும்பாலான வாரங்களில் இரவு வேலைதான். காலை ஆறரைக்கு வீடு வந்து சேருவார், பகலில் தூங்குவார். கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டிய விஷயம். இரவு வேலையை விட்டுவிடுவார் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது.

சம்பளம் மாதம் 4,300 சிங்கப்பூர் வெள்ளி. அதில் 20 விழுக்காடு மத்திய சேம நிதிக்குப் போக, கைக்கு வருவது 3,440. இரவு வேலைப் படி தனி, மாதத்துக்கு மாதம் மாறும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் தம்பியைப் பற்றிச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகி, 2018 முதல் டயாலிசிஸ் நடக்கிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கொண்டுபோய் விடுவது தம்பி, கூட்டி வருவது நான். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அளவைப் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் தம்பி படுப்பார். உருளைக்கிழங்கை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அம்மாவுக்குச் சமைப்பார். யாரும் சொல்லிச் செய்வதில்லை. தாதி ஒருமுறை விளக்கினார், அன்றிலிருந்து செய்கிறார்.

அம்மா தம்பியோடுதான் இருப்பார். அதில் மாற்றம் இல்லை. ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி நாங்கள் பெண் கேட்கவில்லை. டயாலிசிஸுக்குப் போய் வருவதும் மருந்தும் சாப்பாடும் இப்போது போலவே எங்கள் இருவர் பொறுப்பு. வருகிற பெண் வேலைக்குப் போகலாம், படிக்கலாம். அம்மாவிடம் அன்பாக நாலு வார்த்தை பேசினால் அதுவே எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

2019இல் தம்பிக்கு ஒரு நிச்சயதார்த்தம் நடந்து நின்றுபோனது. இரவு வேலையும் அம்மாவோடு சேர்ந்து இருப்பதும் தனக்குச் சரிவராது என்று அந்தப் பெண் நேரில் வந்து சொன்னார். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. இந்த முறை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

தம்பி அதிகம் பேச மாட்டார். கோபம் வந்தால் எழுந்து வெளியே போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வருவார், குரல் உயர்த்த மாட்டார். அசைவம் சாப்பிடுவார், வெள்ளிக்கிழமை மட்டும் சைவம். சிகரெட்டை 2021இல் விட்டுவிட்டார். விசேஷங்களில் ஒரு பீர் குடிப்பதுண்டு. முன்னந்தலையில் முடி குறைந்திருக்கிறது. கூட அனுப்பியிருக்கும் படம் இந்த வருடம் எடுத்தது. பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் முருகன் கோவிலில் காவடி எடுப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் பந்தலில் வருடாவருடம் நிற்பார்.

பெண்ணுக்கு 27 முதல் 35 வயது வரை இருக்கலாம். மணமுறிவு ஆனவராகவோ கணவரை இழந்தவராகவோ இருந்தாலும் தம்பிக்குத் தடையில்லை. தமிழில் பேசத் தெரிந்தால் அம்மாவுக்கு நல்லது. நகை, சீர் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். கோவிலில் எளிமையாகக் கல்யாணம், செலவு பாதிப் பாதி.

இனி, மெல்பர்னில் இருக்கும் சித்தப்பாவுக்கும் லண்டன் அத்தைக்கும்.

உங்கள் பிள்ளைகளும் அங்கே உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களும் தமிழ் படிப்பதில்லை என்று சொன்னீர்கள். அதனால் என் மூத்த மகள் இதையே ஆங்கிலத்தில் எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறாள். தம்பியும் நானும் உட்கார்ந்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்தோம். இதில் உள்ளது அதில் இருக்கிறது, கூடுதலாக ஒன்றும் இல்லை. நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பும்போது அப்படியே அனுப்புங்கள். இரண்டு கை மாறினால் டெக்னீஷியன் எஞ்சினியர் ஆகிவிடுவார், அப்புறம் யார் போய் மறுப்பது?

வீட்டு விஷயத்தில் கொஞ்சம் விளக்கம் தேவைப்பட்டது. ஈசூனில் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நான்கறை வீடு. இங்கே கூடத்தையும் ஓர் அறையாகக் கணக்கிடுவார்கள், அதனால் படுக்கையறை மூன்றுதான். ஆங்கிலத்தில் நான்கு என்று மட்டும் போட்டால் லண்டனில் பெரிய வீடாக நினைத்துக்கொள்வார்கள். ஆகவே மூன்று படுக்கையறை என்றே போட்டிருக்கிறோம். நிலமும் நமக்குச் சொந்தம் கிடையாது, 99 வருடக் குத்தகை, அதையும் சேர்த்திருக்கிறோம். வீடு அம்மா பெயரிலும் தம்பி பெயரிலும் இருக்கிறது. கடன் அடைந்துவிட்டது.

சம்பளத்தை ரூபாயிலோ பவுண்டிலோ மாற்றிச் சொல்ல வேண்டாம். ரூபாயில் சொன்னால் லட்சக்கணக்கில் கேட்கும், இங்கே அதை வைத்துக் குடும்பம் நடத்தும் கணக்கு வேறு. வெள்ளியிலேயே இருக்கட்டும்.

அத்தைக்குத் தெரிந்த தஞ்சாவூர்க் குடும்பம் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணம் ஆன கையோடு பெண்ணுக்கு நிரந்தரவாசம் கிடைத்துவிடும் என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் நீண்டகால வருகை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் தானாக வருவதல்ல. வேலைக்குப் போக வேண்டுமானால் முதலாளி வழியாக மனிதவள அமைச்சின் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். நிரந்தரவாசம் பிறகு தனியாக விண்ணப்பித்துக் காத்திருப்பது, எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அட்டை கிடைக்க வாய்ப்பு உண்டா என்று கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பித்துத் தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாடு இங்கே இருக்கிறது. பேச்சு முன்னேறினால் தேதி குறிப்பதற்கு முன் அதைச் செய்துவிடுவோம். பெண்ணின் அப்பா அம்மாவிடம் இதைத் தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள், அத்தை.

விருப்பம் உள்ளவர்கள் உங்கள் வழியாகவே சொல்லட்டும். பெண்ணும் தம்பியும் முதலில் வீடியோவில் பேசிப் பார்க்கலாம், அம்மாவும் ஒருமுறை பேசுவார். தம்பி பகலில் தூங்குவதால் சிங்கப்பூர் நேரம் மாலை நான்கு மணிக்கு மேல் வசதி. வேண்டாம் என்று தோன்றினால் காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை, உங்களிடம் ஒரு வரி சொன்னால் போதும். நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம்.