ஷியர், மொமெண்ட்: பிளஸ், மைனஸ் குழப்பம்

கேள்வி: அண்ணா, பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கிறேன். 6 மீட்டர் பீம், இரு முனையிலும் சாதாரண தாங்கி, நடுவில் 12 கிலோநியூட்டன் சுமை. இடது முனையிலிருந்து 2 மீட்டரில் வெட்டினால், இடப்பக்கக் கணக்கில் ஷியர் +6, வலப்பக்கத்தில் −6 வருகிறது. எது சரி?

பதில்: தம்பி, உங்கள் கூட்டலில் பிழையில்லை. இரண்டு பக்கமும் "மேல்நோக்கி என்றால் பிளஸ்" என்று எடுத்ததுதான் சிக்கல். வெட்டிய இடத்தில் இரு துண்டுகளும் ஒன்றையொன்று சம அளவில், எதிரெதிர் திசையில் தள்ளுகின்றன. அதனால் குறியை விசையின் திசைக்கு அல்ல, பீம் உருமாறும் விதத்துக்குக் கொடுக்கிறோம். இடத்துண்டு மேலேயும் வலத்துண்டு கீழேயும் நழுவப் பார்த்தால் ஷியர் பிளஸ். வலப்பக்கம் பாருங்கள்: சுமை கீழ்நோக்கி 12, தாங்கி மேல்நோக்கி 6, மிச்சம் கீழ்நோக்கி 6. அங்கே கீழ்நோக்கி என்பதே பிளஸ், ஆக +6.

மொமெண்டும் அப்படித்தான். பீம் கிண்ணம்போல் தொய்ந்தால், அதாவது அடிப்பக்கம் இழுபட்டால், பிளஸ். இடமிருந்து 6 × 2 = 12. வலமிருந்து 6 × 4 − 12 × 1 = 12. இரண்டும் தொய்வுதான், +12 கிலோநியூட்டன் மீட்டர். கடிகாரச் சுற்று, எதிர்ச்சுற்று என்று மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கம் மாறினால் அது தலைகீழாகிவிடும்.

இந்த முறையில் dM/dx = V, அதாவது மொமெண்டின் சரிவே ஷியர் என்பது, பொருந்தும்: 2 மீட்டரில் 12, நடுவில் 18, சரிவு 6. அப்புறம், சில மென்பொருள்கள் மொமெண்ட் படத்தை இழுபடும் பக்கம், அதாவது கோட்டுக்குக் கீழே வரையும். அதைப் பார்த்து மைனஸ் என்று எழுதிவிடாதீர்கள்.