செம்மாங்காட்டுவலசு மாரியம்மன் கோயில் குண்டம், தேர்த் திருவிழா: கூட்ட ஒழுங்கு குறித்த துறை அலுவலர்கள் கூட்டக் குறிப்பு

நாள்: 6.3.2025, வியாழக்கிழமை, காலை 11 மணி
இடம்: பெருந்துறை வட்டாட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கு
தலைமை: வருவாய்க் கோட்டாட்சியர், ஈரோடு

வந்திருந்தோர்: பெருந்துறை வட்டாட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர், காவல் ஆய்வாளர், போக்குவரத்துப் பிரிவு உதவி ஆய்வாளர், பேரூராட்சி செயல் அலுவலர், சுகாதார ஆய்வாளர், வட்டார மருத்துவ அலுவலர், 108 ஆம்புலன்ஸ் ஒருங்கிணைப்பாளர், மின்வாரிய உதவி செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர், தீயணைப்பு நிலைய அலுவலர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், கோயில் செயல் அலுவலர், தலைமைப் பூசாரி, விழாக்குழுவினர், ஊர்ப் பெரியவர்கள்.

திருவிழா நிரல்: 11.3 பூச்சாட்டு. 18.3 கம்பம் நடுதல். 25.3 செவ்வாய் இரவு குண்டத்துக்குத் தீ மூட்டுதல். 26.3 புதன் அதிகாலை 4 மணிக்குக் குண்டம் இறங்குதல். 27.3 வியாழன் மாலை 4 மணிக்குத் தேர். 28.3 மஞ்சள் நீராட்டு.

கோட்டாட்சியர் பேசும்போது, ஏற்பாடுகளை “பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லி யாரும் உட்காரக் கூடாது, என்ன வேலை, யார் பொறுப்பு, எந்த நேரத்துக்குள் என்று மூன்றையும் சொல்ல வேண்டும் என்றார். கடந்த ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்குக் காத்திருந்த கூட்டத்தில் 6 பேர் இறந்ததையும், 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரம் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததையும் நினைவூட்டினார். இரண்டுமே சாமி கும்பிட வந்த இடத்தில் நடந்தவை. நம் விழாவில் குண்டத்துக்கு முதல் ஆபத்தும் தேருக்கு இரண்டாவது ஆபத்தும் அப்படியே பொருந்தும் என்பதால் இந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி இவ்விரண்டிலேயே போனது.

1. குண்டம்: உள்ளே வருவதும் வெளியே போவதும்

இந்த ஆண்டு குண்டம் இறங்க 12,000 பேர் வரை வருவார்கள் என்று விழாக்குழு எதிர்பார்க்கிறது. குண்டத்தின் நீளம் 50 அடி. நிமிடத்துக்கு 40 பேர் என்று சீராக இறங்கினாலும் 12,000 பேருக்கு 5 மணி நேரம் ஆகும். அதிகாலை 4 மணிக்குத் தொடங்கினால் முடிய 9 மணி. பங்குனி வெயிலில் 8 மணிக்கு மேல் வரிசையில் நிற்பவர்கள் முதல் நாள் இரவிலிருந்தே விரதமாக, ஈரத் துணியோடு காத்திருப்பவர்கள். அதனால் முன்னால் வேகப்படுத்த முடியாது, பின்னால் பொறுமையும் இருக்காது.

ஆனால் சிக்கல் வரிசையில் இல்லை, வெளியேறும் பக்கத்தில்தான் இருக்கிறது என்று காவல் ஆய்வாளர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். குண்டம் தாண்டியவர்கள் பால் குழியில் கால் நனைத்து, வடக்கு வீதியில் 10 அடி அகலச் சந்தில்தான் வெளியே வர வேண்டும். வந்தவுடன் நிற்பார்கள். கூட வந்தவர்களைத் தேடுவார்கள், குழந்தையைக் கைமாற்றுவார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள். எதிரே பொரி கடலைக் கடையும் வளையல் கடையும் சந்தின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். பின்னால் நெருப்பில் இருப்பவருக்கு நிற்க இடம் கிடையாது. வெளியே ஒரு நிமிடம் அடைத்தால் உள்ளே 40 பேர் சேர்ந்துவிடுவார்கள். ஒரு சதுர மீட்டரில் 4 பேருக்கு மேல் சேர்ந்தால் நெருக்குதல் ஆபத்தான நிலைக்குப் போகும் என்பதையும் அவர் விளக்கினார்.

இதற்கு எடுத்த முடிவுகள்:

வடக்கு வீதியின் 23 தற்காலிகக் கடைகளும் பொங்கல் திடலின் கிழக்கு ஓரத்துக்கு மாற்றப்படும். இடம் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு 20.3-க்குள் முடிப்பதாகப் பேரூராட்சி செயல் அலுவலர் ஏற்றார். ஏலத் தொகையை முன்பே கட்டிய கடைக்காரர்களிடம் அவரே நேரில் பேசுவார். கோயில் மதிலின் வடமேற்கு மூலையில் பூட்டியிருக்கும் கதவு அன்று முழுக்கத் திறந்திருக்கும். சாவி விழாக்குழுத் தலைவரிடம் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அது போதாது என்றும் 25.3 மாலை 6 மணிக்கே கதவைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்றும் கோட்டாட்சியர் உத்தரவிட்டார். கோயில் செயல் அலுவலர் ஒப்புக்கொண்டார்.

வெளியேறும் பக்கத்தில் ஒரு உதவி ஆய்வாளர் வாக்கி டாக்கியோடு நிற்பார். அவர் “நிறுத்து” என்றால் உள்வாசலில் இருக்கும் காவலர் அடுத்த நொடியே வரிசையை நிறுத்த வேண்டும். வேறு யாரையும் கேட்கக் காத்திருக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, “ஏனுங்க, அருள் வந்து நிக்கறவங்களைப் பாதியில நிறுத்தினா அவங்க கேப்பாங்களாங்க? தலைமுறை தலைமுறையா அம்மன் காப்பாத்திட்டுத்தான இருக்கறா” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தால் அங்கேயே தள்ளுமுள்ளு ஆகிவிடும். கொஞ்ச நேர விவாதத்துக்குப் பின் தலைமைப் பூசாரியே வழி சொன்னார். 200 பேருக்கு ஒருமுறை பம்பை, உடுக்கை அடியை மாற்றி, தீபாராதனை காட்டி ஒரு நிமிடம் நிறுத்தலாம், அது சாமிக்கான நேரம் என்று எல்லோரும் நிற்பார்கள், நெரிசல் தெரிந்தால் அதே தீபாராதனையை நீட்டிக்கலாம் என்றார். காவல் துறையும் ஏற்றது. உதவி ஆய்வாளர் அருகில் பம்பைக்காரர் ஒருவர் நிற்பார், சைகை அவருக்கும் போகும். இந்தக் கூட்டத்தில் கிடைத்த மிகப் பயனுள்ள யோசனை இது என்று பதிவு செய்கிறேன்.

அப்புறம் குண்டத்துச் சாம்பல். கடைசி ஆள் இறங்கியதும் ஒரு கைப்பிடி சாம்பலுக்காக நாலாபக்கமும் பாய்வது வழக்கம். இந்த முறை குண்டத்தை நேரடியாகத் திறந்துவிட மாட்டார்கள். தீயணைப்புத் துறை பார்த்துச் சரி சொன்ன பிறகு சாம்பலை அள்ளி, பொங்கல் திடலில் மூன்று இடங்களில் பொட்டலமாகக் கொடுப்பதாக விழாக்குழு ஏற்றுக்கொண்டது. மாடு கன்றுகளை இறக்குவோர் மேற்கு வாசல் வழியாக, மனிதர் வரிசை முழுதும் முடிந்த பின்னரே வர வேண்டும்.

2. காவல் துறை

மொத்தம் 180 பேர். இதில் 45 பேர் பெண் காவலர்கள். 25.3 இரவு 8 மணி முதல் பணியில் இருப்பார்கள். பெண்களுக்குத் தனி வரிசை, வரிசைக்கு நடுவே 50 அடிக்கு ஒரு அவசர வெளிவழி. கட்டைத் தடுப்புகளை ஆணி அடித்து இறுக்காமல், கயிற்றால் கட்டி அவிழ்க்க வசதியாக வைப்பார்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கையில் பெற்றோர் செல்போன் எண் எழுதிய பட்டை கட்டும் பணி தெற்கு வாசலில் நடக்கும். காணாமல் போனவர்களுக்கான அறிவிப்பு மேடை அங்கேயே இருக்கும்.

ஈரோடு, காங்கேயம் பக்கத்து வண்டிகளுக்கு வாய்க்கால் மேட்டிலும் சந்தைத் திடலிலும் நிறுத்தம். கோயிலுக்கு அரை கிலோமீட்டருக்குள் கார் விடக் கூடாது. ஆம்புலன்ஸ் போக வடக்கு வீதிக்குப் பின்னால் உள்ள தோட்டத்து இட்டேரியை விட்டுக்கொடுக்கத் தோட்டக்காரர் சம்மதித்துள்ளார். அந்த வழியில் எந்த வண்டியும் நின்றால் உடனே இழுத்துச் செல்ல கிரேன் ஒன்றை நிறுத்துவது போக்குவரத்துப் பிரிவின் பொறுப்பு.

3. மின்வாரியம்: தேர் நாள்

அலங்காரத்தோடு தேரின் உயரம் 34 அடி. தேர் போகும் நான்கு வீதிகளில் இரண்டில் 11 கே.வி. கம்பி குறுக்கே போகிறது. உதவி செயற்பொறியாளர் தெளிவாகச் சொன்னது: வீதியின் உயரம் சாலை போடப் போட ஏறியிருக்கிறது, அதனால் பழைய அளவை நம்பாமல் 15.3-க்குள் உதவிப் பொறியாளர் நேரில் அளந்து எழுத்தில் தருவார். தேர் வடம் பிடிக்கும் முன் அந்த லைனை நிறுத்தி, ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டி, இரு பக்கமும் எர்த் செய்த பிறகே “லைன் கிளியர்” எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாள் கையில் வராமல் தேர் ஒரு அடி நகரக் கூடாது. மின்சாரம் திரும்ப வருவதும் அப்படித்தான். தேர் நிலை சேர்ந்து, தேரின் மேல் யாரும் இல்லை என்று கோயில் செயல் அலுவலர் கையெழுத்திட்டுக் கொடுத்த பின்னரே. “தேர் போயிருச்சுங்க, போட்டுருங்க” என்று போனில் வரும் சொல்லுக்கு மின்சாரம் விடக் கூடாது என்பதைக் கோட்டாட்சியர் தனியாகப் பதிவு செய்யச் சொன்னார்.

மின்தடை நேரத்தில் போர்வெல், தண்ணீர்த் தொட்டி ஓடாது. அதனால் அன்று மதியம் 2 மணிக்குள் எல்லாத் தொட்டிகளையும் நிரப்ப வேண்டியது பேரூராட்சியின் வேலை. மருத்துவ முகாமுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஜெனரேட்டர் கோயில் செலவில். சீரியல் விளக்குகளை இரும்பு வளைவிலோ தடுப்புக் கம்பியிலோ சுற்றக் கூடாது. தற்காலிக இணைப்பு ஒவ்வொன்றிலும் இ.எல்.சி.பி. இருக்க வேண்டும், ஒட்டுப் போட்ட ஒயர் இருந்தால் இணைப்பு கிடையாது. 24.3 மாலை உதவிப் பொறியாளர் சோதனை செய்வார். வடத்தில் கை வைப்போர் தவிர மற்றவர் சக்கரத்திலிருந்து 15 அடி தள்ளி நிற்கக் கயிறு பிடிப்பது விழாக்குழு இளைஞர்கள் வேலை. முட்டுக்கட்டை போடுபவர்கள் பழகிய நான்கு பேர் மட்டும்.

4. சுகாதாரத் துறை

குண்டத்தின் வெளிவாசலை ஒட்டி தீப்புண்ணுக்கான முகாம் ஒன்று, பொங்கல் திடலில் பொது முகாம் ஒன்று. முதலாவதில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் 6 கேட்டிருக்கிறார் வட்டார மருத்துவ அலுவலர். காலில் பட்ட சூட்டுக்குச் சாதாரண தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும், ஐஸ் கூடாது, மஞ்சள், பற்பசை, சாம்பல் பூசக் கூடாது என்று ஒலிபெருக்கியில் பத்து நிமிடத்துக்கொருமுறை சொல்ல வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சுட்டதே தெரியாது. அவர்களைக் குண்டம் இறங்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும்படி ஊர்க் கூட்டங்களில் அறிவிக்கச் சொன்னார். ஆம்புலன்ஸ் மூன்று. அவற்றில் ஒன்று இட்டேரியில் முகம் வெளிப்பக்கமாக நிற்கும். பலத்த காயம் என்றால் நேராகப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அன்னதானம் சமைக்கும் இடத்தை உணவுப் பாதுகாப்பு அலுவலர் 25.3 மாலையும் 26.3 காலையும் பார்ப்பார். வரிசையில் நிற்பவர்களுக்கு நீர்மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல்.

5. பேரூராட்சி

கடை மாற்றம் மேலே சொல்லப்பட்டது. குடிநீர் தொட்டி 10, கடைசிக் குழாயிலும் குளோரின் 0.2 பி.பி.எம். இருக்கிறதா என்று சுகாதார ஆய்வாளர் நாளுக்கு இருமுறை சோதித்து ஏட்டில் எழுதுவார். நடமாடும் கழிப்பறை 30, பாதி பெண்களுக்கு. பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இல்லை என்று விழாக்குழுவில் வந்த அம்மா ஒருவர் சுட்டிக்காட்டினார். 22.3-க்குள் அங்கே 8 விளக்குகள் போடப்படும், இணைப்பு மின்வாரியம் தரும். வடக்கு வீதியின் திறந்த சாக்கடைக்கு மேல் பலகை போட்டு மூடுவதும் இதே தேதிக்குள். குப்பைக்கு இரண்டு ஷிப்டில் 60 தூய்மைப் பணியாளர்கள். அவர்களுக்கு 26.3 அன்று சாப்பாடும் இருந்து இளைப்பாற நிழலும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கோட்டாட்சியர் சேர்த்தார்.

6. கட்டுப்பாட்டு அறை

பழைய பள்ளிக் கட்டடத்தில் 25.3 மாலை 6 மணி முதல் 27.3 இரவு தேர் நிலை சேரும் வரை. வட்டாட்சியர் பொறுப்பு. ஒவ்வொரு துறையிலிருந்தும் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும், உதவியாளரை அனுப்பிவைக்கக் கூடாது.

அனைத்துத் துறையும் சேர்ந்து 24.3 திங்கள் மாலை 4 மணிக்குக் குண்டம் வெளிவாசலில் கூடி, வடக்கு வீதிச் சந்து வழியாக ஆம்புலன்ஸ் நிற்கும் இட்டேரி வரை நடந்து பார்க்கும். முடியாத வேலை ஏதும் இருந்தால் அங்கேயே எழுத்தில் தர வேண்டும். கூட்டம் மதியம் 1.40-க்கு முடிந்தது.

(ஒப்பம்) துணை வட்டாட்சியர், பெருந்துறை
பார்வையிட்டு ஏற்றது: வருவாய்க் கோட்டாட்சியர், ஈரோடு
நகல்: கூட்டத்தில் கலந்துகொண்ட அனைத்துத் துறை அலுவலர்கள், கோயில் செயல் அலுவலர், விழாக்குழுத் தலைவர்