அக்காவும் நானும் இருக்கும் படத்துக்கான திருத்தக் குறிப்பு

வணக்கம். போனில் பேசியபடி படங்களை அனுப்பியிருக்கிறேன். திருத்த வேண்டியது IMG_4127.jpg. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் என் அக்கா, பின்னால் நிற்பது நான். கூடவே மூன்று மாதிரிப் படங்கள்: mudi-1.jpg, mudi-2.jpg, sattai.jpg. வலது, இடது என்று நான் சொல்வதெல்லாம் படத்தில் இருப்பவரின் வலது, இடதுதான், பார்ப்பவருடையது அல்ல.

முதலில் அக்காவின் முடி, இதுதான் முக்கியம். சிகிச்சை முடிந்து முடி வளரத் தொடங்கிய நேரத்தில் எடுத்த படம் இது. பழைய முடியோடு ஒரு படம் வேண்டும் என்று அவரே கேட்டார். mudi-1 அவருடைய சொந்தப் படம். தோளுக்குக் கொஞ்சம் கீழே வரும் நீளம், காதுக்குக் கீழிருந்து தொடங்கும் லேசான சுருள், இடது பக்க வகிடு எல்லாம் அதில் இருப்பது போலவே வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: mudi-1-ல் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுகிறது, IMG_4127-ல் இடப்பக்கத்திலிருந்து. வெளிச்சம் பொருந்தட்டும் என்று படத்தைத் திருப்பிப் போட்டால் வகிடு மறுபக்கம் போய்விடும். அதனால் திருப்பாமல், முடியின் மினுமினுப்பை மட்டும் இடப்பக்கத்துக்கு மாற்றுங்கள்.

நெற்றி ஓரம் எப்படி இருக்கும் என்பது mudi-2-ல் நெருக்கமாகத் தெரிகிறது. அங்கே முடி ஒரே கோடாகத் தொடங்காது. பொடி முடிகள் இருக்கும், நடுவில் தோல் கொஞ்சம் தெரியும். அது போய்விட்டால் தலைக்கவசம் மாட்டியது போல் ஆகிவிடும். ஜன்னல் பக்கம் நாலைந்து இழைகள் பிரிந்து வெளிச்சத்தில் தெரியட்டும். முடி வந்ததும் கழுத்திலும் தோளிலும் அதன் நிழல் விழ வேண்டும். வலது காதுத் தோடு மறைந்தால் பரவாயில்லை, இடது தோடு தெரிய வேண்டும். நிறம் இயற்கைக் கறுப்பு. ஆனால் #000000 வேண்டாம், அது ஓட்டை போலத் தெரியும். நிழல் பகுதியில் #1C1715 அளவுக்கு இருக்கட்டும்.

என் முடியில் நீளமோ வெட்டோ மாற வேண்டாம். பழைய சாயம் வெளுத்து நுனியில் ஆரஞ்சு அடிக்கிறது, அதை மட்டும் சரிசெய்ய வேண்டும். சாயப் பெட்டிகளில் போடும் எண்ணில் சொன்னால் 5.3, அதாவது பொன்சாயல் உள்ள வெளிர் பழுப்பு. திரைக்கு #5A3A22 என்று வைத்துக்கொள்ளுங்கள். SaddleBrown (#8B4513) வேண்டவே வேண்டாம், அதில் மறுபடியும் ஆரஞ்சுதான் தெரியும். வேர்ப்பக்கம் இப்போது இருக்கும் கருமை அப்படியே இருக்கட்டும்.

அடுத்து உடை. அக்காவின் டி-ஷர்ட்டுக்குப் பதிலாக sattai.jpg-ல் இருக்கும் காலர் வைத்த முழுக்கைச் சட்டை. அந்தப் படம் மாலை வெயிலில் எடுத்தது, எல்லாமே மஞ்சளாக இருக்கும். அதனால் அதிலிருந்து நிறத்தை எடுக்க வேண்டாம். காலர் வடிவம், பொத்தான் வரிசை, துணியின் சொரசொரப்பு ஆகியவை மட்டும் போதும். நிறம் Linen, #FAF0E6. வெளிச்சம் நேராக விழும் இடது தோளில்தான் இந்த எண். மடிப்புகள் அதைவிட இருண்டுதான் இருக்கும், எல்லா இடத்தையும் அதே எண்ணுக்குக் கொண்டுவந்தால் துணி தட்டையாகிவிடும்.

என் சட்டையில் நிறம் மட்டும்: பளீர் எலுமிச்சைப் பச்சையிலிருந்து Teal, #008080. DarkCyan (#008B8B) பார்க்க இதைப் போலவே இருக்கும், ஆனால் கொஞ்சம் வெளிச்சமானது. எனக்கு Teal-தான் வேண்டும். மடிப்புகளில் சாம்பல் கலக்காமல், அதே நிறத்தின் அடர்ந்த சாயல் வரட்டும். அப்புறம், என் தாடையின் அடியிலும் அக்காவின் வலது கன்னத்து ஓரத்திலும் பச்சை அடிக்கிறது பாருங்கள். அது என் சட்டையிலிருந்து பட்ட வெளிச்சம். சட்டை மாறிய பிறகும் அந்தப் பச்சை நின்றால் திருத்தியது உடனே தெரிந்துவிடும், அதையும் எடுத்துவிடுங்கள்.

அந்தப் பச்சையைத் தவிர முகத்தில் எதையும் தொட வேண்டாம். தோலை வெளுப்பாக்குவது, வழவழப்பாக்குவது, அக்காவின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையை நீக்குவது எதுவும் வேண்டாம். முடி கேட்ட அதே அக்காதான் இதையும் கண்டிப்பாகச் சொன்னார்.

12 × 18 அங்குலத்தில் அச்சிடப் போகிறோம். 300 ppi-யில் 3600 × 5400 பிக்சல், sRGB. முடி, உடை, நிறம் மூன்றும் தனித்தனி லேயராக இருக்கும் PSD ஒன்றும், JPEG ஒன்றும் வேண்டும். முதலில் அக்காவின் முடியை மட்டும் செய்து சின்ன அளவில் ஒரு படம் அனுப்புங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு உடைக்குப் போகலாம்.

நன்றி.