மதியச் சாப்பாட்டு கேரியர்: என்ன செய்கிறோம், எவ்வளவு ஆகிறது

1
பள்ளத்தூரில் ஒரு சமையலறை, இரண்டு பைக், 38 கேரியர். தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் திங்கள் முதல் சனி வரை மதியச் சாப்பாடு கொண்டு போகிறோம். ஞாயிறு கிடையாது.

2
செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித்தான் தெரியுமே, முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் நின்று எவ்வளவு கூப்பிட்டாலும் பின்கட்டில் இருக்கும் ஆச்சிக்குக் கேட்காது, அதனால் பின்வாசலில் மணி கட்டி வைத்திருக்கிறோம். கானாடுகாத்தான், கோட்டையூரில் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே கேரியர்தான்.

3
குழைந்த சாதம், பருப்பு, ஒரு காய், மோர். காரம் கம்மி. வியாழன்தோறும் வெண்டைக்காய் மண்டி, அன்றைக்கு மட்டும் கேரியர் துடைத்து வைத்த மாதிரி திரும்பி வரும்!

4
இலவசமாக வாங்க மாட்டேன் என்று 9 பேர் தினமும் 10 ரூபாய் தருகிறார்கள். வாங்கிக்கொள்கிறோம். ஓர் ஆச்சி காசுக்குப் பதில் கேரியரின் மேல்தட்டில் சீடை போட்டு அனுப்புவார் (அது சமையலறை வரை வந்து சேருவதில்லை, பைக்கிலேயே தீர்ந்துவிடும்).

5
இதனால் உடம்பு தேறியது, சர்க்கரை குறைந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டோம், அதை நாங்கள் அளந்து பார்க்கவில்லை. மதியம் ஒரு வேளை சூடாகச் சாப்பாடு போகிறது, ஒருவர் கதவு திறக்கவில்லை என்றால் அன்றைக்கே பக்கத்து வீட்டில் விசாரிக்கிறோம், அவ்வளவுதான். ருசி பிடிக்கவில்லை என்று நிறுத்தியவர்கள் 3 பேர்.

6
ஒரு சாப்பாடு 45 ரூபாய்: அரிசி, பருப்பு, காய், எண்ணெய் 27, சமையல் சம்பளம் 9, பெட்ரோல் 5, கேஸ் 4. கொண்டு போகும் தம்பிகள் பெட்ரோல் காசு மட்டும் வாங்குகிறார்கள்.

7
இன்னும் 12 பேர் கேட்டிருக்கிறார்கள். சமைக்கும் அக்கா 50 பேர் வரை தனி ஆளாகவே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், அதற்கு மேல் ஆகாது என்பதையும் இப்போதே சொல்லிவிட்டார். சம்பளம் கூடாததால் புதிதாகச் சேருபவருக்கு 36 ரூபாய்தான் கணக்கு, மாதம் 26 நாளுக்கு 936. தை முதல் ஆனி வரை ஆறு மாதம், 12 பேருக்கு மொத்தம் 67,392 ரூபாய். அது சேர்ந்ததும் வசூலை நிறுத்திவிட்டு இங்கேயே சொல்லிவிடுவோம்.

8
இங்கே யாருடைய முகமும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். கேட்டுப் பார்த்தோம், பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். சரி, கேரியரைப் படம் எடுத்துக்கொண்டோம்.

9
கொடுக்க நினைப்பவர்கள் இந்தப் படத்தில் இருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்யலாம். 36 ரூபாயும் சரிதான். 80ஜி வரிவிலக்கு எங்களிடம் இல்லை, அது வேண்டுமென்றால் வேறு அமைப்புக்குக் கொடுங்கள், வருத்தமே இல்லை. காசு இப்போது தோதுப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள். காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள், வீட்டில் சும்மா கிடக்கும் மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர் இருந்தால் மெசேஜ் போடுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம். பிடி மட்டும் ஆடாமல் இருக்கட்டும்.