பத்து இடைவெளி

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஐப்பசி கடைசி. மாரி தொடங்கினால் வேலை இழுபடும் என்று எல்லாருக்கும் பதற்றம், அதனால் முதல் மாடித் தட்டுக்கு அன்றைக்கே கொங்கிரீட் கொட்டி முடித்துவிட வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே பம்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

சுகன்யா ஒலுவிலில் படித்துவிட்டு வந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. பலகைக்குள் கிடந்த கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்க வைப்பதுதான் அன்று அவளுடைய வேலை. தட்டின் வெளிப்புறம், வகுப்பறைகளுக்கு முன்னால் 24 மீற்றர் நீளத்துக்கு நடைபாதை. அதற்குக் கீழே தூண் கிடையாது, 1.8 மீற்றர் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படி நீட்டும் தட்டில் பாரம் இழுப்பது மேல்பக்கத்தைத்தான், ஆகவே மேலே கட்டும் கம்பிதான் அதற்கு உயிர். அந்த மேல்கம்பி அவள் கண்ணுக்கு ஐதாகத் தெரிந்தது.

டேப்பை எடுத்தாள். ஒரு இடைவெளியை மட்டும் அளந்தால் கட்டும்போது கம்பி கொஞ்சம் விலகியது என்று சொல்லிவிடலாம், அதனால் பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்தாள். 1250 மில்லிமீற்றர் வரவேண்டிய இடத்தில் 2000 வந்தது. பத்தடி தள்ளிப் போய் அளந்தாள், அங்கேயும் 2000தான். 12 மில்லிக் கம்பி 125க்கு ஒன்று விழவேண்டும், 200க்கு ஒன்று விழுந்திருக்கிறது. அதாவது இருக்கவேண்டிய இரும்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது.

“சலீம் காக்கா, இது எந்தப் படத்தைப் பார்த்துக் கட்டின?”

“கம்பி வளைக்கிற கொட்டில்ல ஒட்டியிருக்கே, அதான் மிஸ். ஏன்?”

கொட்டிலில் இருந்தது பழைய படம். முதலில் நடைபாதை ஓரத்துக்கு இரும்புக் கிறில்தான் போட்டிருந்தார்கள், பிறகு பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று சீமெந்துக் கல் சுவராக மாற்றினார்கள். அந்தச் சுவரின் பாரம் முழுக்க நுனியில் வந்து உட்காரும் என்பதால்தான் 200 என்பதை 125 ஆகத் திருத்தினார்கள். திருத்திய படம் ஒபிஸ் பைலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

பெரிய எஞ்சினியர் போனில் இருந்தார். முதல் கொங்கிரீட் வண்டி கேற்றுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

“சேர், கொட்ட வேணாம்.”

“என்ன புள்ள?”

“நடைபாதை மேல்கம்பி பிழையாக் கட்டியிருக்கு. 125 வரணும், 200ல இருக்கு.”

“நேத்துப் பின்னேரம் ரெக்னிக்கல் ஒபிசர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். வண்டி வந்துட்டு. நீ இப்ப வந்து சொல்றா?”

பொழுதுபடுகிற நேரம் பழைய படத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். கையெழுத்து விழுந்துவிட்டது என்பதற்காக அதற்குப் பிறகு யாரும் அளக்காமல் விடுவது எவ்வளவு ஆபத்து! சுகன்யாவுக்குக் குரல் நடுங்கியது, ஆனாலும் நகரவில்லை.

“கொட்டினாப் பிறகு ஒருத்தருக்கும் தெரியாது சேர். இன்ரவல் மணி அடிச்சா பிள்ளைகள் எல்லாம் அந்தச் சுவர்லதான் வந்து சாய்வாங்க. நீங்களே ஒருக்கா அளந்து பாருங்க.”

அவர் ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறினார். டேப்பின் ஒரு நுனியைச் சலீம் காக்கா பிடித்தார், மறுநுனியை அவள் பிடித்தாள். பார்த்துவிட்டு இறங்கியவர் முதலில் கொங்கிரீட் பிளான்ருக்குத்தான் போன் போட்டார், மிச்ச வண்டிகளில் போடவேண்டாம் என்று. வந்த வண்டிக்கான காசு போனது போனதுதான். உள்பக்கத்தை மட்டுமாவது கொட்டுவோமே என்று மேற்பார்வையாளர் கேட்டார். அந்தக் கம்பி உள்ளே இரண்டு மீற்றருக்கும் மேல் போய்ப் பிடிக்கவேண்டும், நடுவில் வெட்டிக் கொட்ட ஏலாது என்று சேரே சொல்லிவிட்டார்.

வடிவமைத்த எஞ்சினியரைப் போனில் பிடித்தார்கள். கட்டியதை அவிழ்க்க வேண்டாம், ஒவ்வொரு இடைவெளிக்கும் நடுவில் இன்னொரு 12 மில்லிக் கம்பி விடுங்கள், 100க்கு ஒன்றாகிவிடும், அது போதும் என்றார். அப்புறம் 120 கம்பி வெட்டவேண்டும். 12 மீற்றர் கம்பி 40 எடுத்து மூன்று மூன்றாக வெட்டினார்கள். மத்தியானம் ஒரு மழை அடித்தது, தறப்பாளைப் பிடித்துக்கொண்டு கட்டினார்கள். கால் பட்டு மேல்கம்பி தாழ்ந்துவிடாதபடி நடக்கிற இடமெல்லாம் சுகன்யா பலகை போட வைத்தாள், தாங்குகம்பிகளையும் கூட்டினாள். கொட்டிலில் இருந்த பழைய படத்தைச் சலீம் காக்கா தானே கிழித்தார். “புதுசு வந்தா முதல்ல எனக்குக் காட்டுங்க மிஸ்” என்றார், கொஞ்சம் கோபமாகத்தான். அந்தக் கோபம் நியாயமானது.

அடுத்த நாள் விடியவே பம்ப் குழாயை மேலே ஏற்றினார்கள். வண்டி வந்து நின்றது. சேர் கீழே நின்று கத்திக் கேட்டார்.

“சுகன்யா, கொட்டலாமா?”

“படிக்கட்டுப் பக்கம் இன்னும் பார்க்கல்ல சேர். பத்து நிமிசம் தாங்க.”

“சரி, பார்த்துட்டுச் சொல்லு” என்று டிரைவருக்குக் கை காட்டினார்.