‘தயாரிப்பு எண் 3’ படப்பிடிப்புக்கான காப்பீட்டு முன்மொழிவு

பெறுநர்: திரைப்படக் காப்பீட்டுப் பிரிவின் தலைமை அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: தயாரிப்பாளர், ‘தயாரிப்பு எண் 3’

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தலைப்பு இன்னும் அறிவிக்கப்படாத எங்கள் மூன்றாவது படத்தின் படப்பிடிப்பு 2026 ஜனவரி 19 அன்று தொடங்கி, மூன்று கட்டங்களாக 58 நாட்கள் நடைபெற உள்ளது. முன்தயாரிப்பின் கடைசி மூன்று வாரங்களிலிருந்து படத்தொகுப்புக்கான பதிவுகள் முழுமையாக ஒப்படைக்கப்படும் நாள் வரை காப்பீடு வழங்குமாறு வேண்டி இந்த முன்மொழிவை அளிக்கிறேன். பெயர்கள், முகவரிகள், வரிசை எண்கள், தொகைகள் ஆகியவை இணைப்புகளில் உள்ளன. ஆபத்து எங்கே இருக்கிறது, அதைக் குறைக்க என்ன செய்திருக்கிறோம், எந்தப் பகுதியைத் தாங்கள் ஏற்க வேண்டுகிறோம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் முந்தைய இழப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் இரண்டாவது படத்தில் கதாநாயகன் டெங்கு காய்ச்சலால் படுத்துவிட, 19 நாட்கள் படப்பிடிப்பு நின்றது. அவருக்கு முன்பே இருந்த ஒரு கல்லீரல் கோளாறு அப்போதைய விண்ணப்பத்தில் குறிப்பிடப்படவில்லை. அதைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டது, மறுப்பு நியாயமானதே. அந்தப் படிவத்தை அவசரத்தில் நிரப்பிக் கையெழுத்திட்டவன் நான். ஆகவே இம்முறை, கேட்கப்படாத விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நடிகர்களின் உடல்நலம்

இந்தப் படத்தின் மிகப் பெரிய ஆபத்து சண்டைக்காட்சிகளில் இல்லை, முதன்மைக் கதாபாத்திரத்தில் இருக்கிறது என்பது என் மதிப்பீடு. கதையின் மையமான மூதாட்டியாக நடிக்கும் கலைஞருக்கு வயது 67. 58 நாட்களில் 41 நாட்கள் அவர் கேமரா முன் நிற்க வேண்டும். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது, இன்சுலின் எடுத்துக்கொள்கிறார். சென்ற ஆண்டு இரு கண்களிலும் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தாங்கள் நியமிக்கும் மருத்துவரிடம் பரிசோதனைக்கு வர அவர் எழுத்து மூலம் சம்மதம் தந்திருக்கிறார். அவரது கால்ஷீட்டை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதில்லை என்றும், தொடர்ந்து ஐந்து நாட்களுக்கு மேல் அழைப்பதில்லை என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோம். வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒரு செவிலியர் உடனிருப்பார். சர்க்கரை நோயைக் காரணமாக வைத்து அவரது காப்பீட்டை முழுவதும் விலக்குவதற்குப் பதிலாக, கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு ஏற்கும்படி குறிப்பாக வேண்டுகிறேன், ஏனெனில் அவரை விலக்கிய பாலிசியால் எங்களுக்குப் பயன் ஏதும் இல்லை.

அவரைத் தவிர கதாநாயகன், பேரனாக நடிக்கும் ஒன்பது வயதுச் சிறுவன், இயக்குநர் ஆகிய மூவருக்கும் இதே காப்பீடு கோருகிறோம். சிறுவனுக்குக் காய்ச்சலோ அம்மையோ வந்தால் அவன் காட்சிகளை மட்டும் தள்ளிவைக்க முடியும் என்பதால், அவனுக்கான நாட்களை ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் வைத்திருக்கிறோம். இயக்குநருக்கு மாற்று கிடையாது. அவர் நலக்குறைவால் நின்றால் யூனிட் மொத்தமும் நிற்கும்.

நோயால் ஏற்படும் தாமதத்தில் முதல் இரண்டு நாள் செலவை நாங்களே ஏற்கிறோம். மூன்றாம் நாளிலிருந்து வாடகை, சம்பளம், தங்குமிடம் ஆகிய கூடுதல் செலவுகளும், முதன்மைக் கலைஞரால் படத்தைத் தொடரவே முடியாத நிலை வந்தால் அதுவரை செலவான தொகையும் ஈடுசெய்யப்பட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. சம்பளத் தகராறாலோ தேதிக் குழப்பத்தாலோ வரும் தாமதத்துக்கு நாங்கள் இழப்பீடு கேட்கவில்லை.

சண்டைக்காட்சிகள்

மொத்தம் நான்கு. மலைப்பாதையில் ஜீப் உருளும் காட்சிதான் கடினமானது. உள்ளே இரும்புக் கூண்டு பொருத்தப்பட்ட ஜீப்பைப் பயிற்சி பெற்ற டூப் ஓட்டுநர் ஒருவரே ஓட்டுவார். அது உருளும் ஷாட்டில் வண்டிக்குள் பொம்மை மட்டும் இருக்கும். பள்ளத்தை ஒட்டிய எந்தப் பகுதியிலும் யூனிட்டார் நிற்க மாட்டார்கள். இரண்டாவது, கதாநாயகன் ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து ரோப்பில் இறங்குவது. ஹார்னஸ், கயிறு, கொக்கி ஆகியவற்றை ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் ஸ்டன்ட் மாஸ்டரும் அவரது உதவியாளரும் தனித்தனியே சோதித்துக் கையெழுத்திடுவார்கள். முகம் தெரியாத ஷாட்டுகள் அனைத்தும் டூப் கலைஞரே செய்வார்.

மூன்றாவது, குடிசை எரியும் காட்சி. அன்று தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் செட்டில் நிற்காமல் தீ வைக்கப்படாது. மூதாட்டியின் நெருக்கக் காட்சிகள் நெருப்பே இல்லாமல், வெளிச்சத்தால் மட்டும் எடுக்கப்படும். நான்காவது, செயற்கை மழையில் நடக்கும் கைகலப்பு. இதில் அடிதடியைவிட மின்சாரமே எனக்குக் கவலை தருகிறது. ஆகவே மழை விழும் எல்லைக்குள் உள்ள எல்லா இணைப்புகளிலும் மின்கசிவுத் துண்டிப்பான்கள் பொருத்தப்படும், ஜெனரேட்டர் 30 மீட்டர் தள்ளி நிறுத்தப்படும்.

உண்மைத் துப்பாக்கியோ வெற்றுத் தோட்டாவோ படப்பிடிப்புத் தளத்துக்கு வராது. 2021 அக்டோபரில் அமெரிக்காவில், ஒத்திகையின்போது நிஜத் தோட்டா பாய்ந்து ஓர் ஒளிப்பதிவாளர் உயிரிழந்த பிறகு, இதில் விவாதத்துக்கு இடமே இல்லை என்று கருதுகிறேன். சுடும் காட்சிகள் ரப்பர் மாதிரிகளைக் கொண்டு எடுக்கப்பட்டு, தீப்பொறி கணினியில் சேர்க்கப்படும். அதேபோல், 1982-ல் தாழப் பறந்த ஹெலிகாப்டர் வெடிகளால் நிலைகுலைந்து விழுந்து ஒரு நடிகரும் இரண்டு குழந்தைகளும் இறந்ததை நினைவில் கொண்டு, தீ எரியும் நாளில் ட்ரோன் பறக்காது, சிறுவன் செட்டுக்கே அழைக்கப்பட மாட்டான்.

இடங்கள்

உள்ளரங்கத் தளத்தில் 22 நாட்கள், மலைக்கிராமத்தில் 14 நாட்கள், மீன்பிடி துறையில் 15 நாட்கள், மருத்துவமனையிலும் பேருந்து நிலையத்திலும் சேர்த்து 7 நாட்கள். மலையில் மண்சரிவும் கடற்கரையில் காற்றும் எதிர்பார்க்கத்தக்கவை; மழைக்காலத்தைத் தவிர்த்தே அட்டவணை போடப்பட்டிருக்கிறது. பேருந்து நிலையத்தில் பொதுமக்களின் நடமாட்டத்தை முழுமையாகத் தடுக்க முடியாது என்பதால், மூன்றாம் தரப்பினரின் உடலுக்கும் உடைமைக்கும் ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அங்கே இன்றியமையாதது.

கருவிகளும் பதிவுகளும்

இரண்டு டிஜிட்டல் கேமராக்கள், ஒரு ட்ரோன், ஏழு லென்ஸ்கள் கொண்ட ஒரு தொகுப்பு, கிரேன், டிராக்குடன் டிராலி, விளக்குகள், ஒலிப்பதிவுக் கருவிகள், இரண்டு ஜெனரேட்டர்கள் ஆகியவை பயன்படும். ஒலிக்கருவிகளைத் தவிர மற்றவை அனைத்தும் வாடகைக்கு எடுக்கப்பட்டவை. வாடகை ஒப்பந்தம் புதிய கருவியின் முழு விலையையும் எங்களிடம் கோருகிறது. எனவே தேய்மானம் கழித்த மதிப்பை அல்லாமல், மறுகொள்முதல் மதிப்பையே காப்பீட்டுத் தொகையாகக் கொள்ளுமாறும், பழுதுபார்க்கும் நாட்களில் ஓடும் வாடகையையும் சேர்க்குமாறும் வேண்டுகிறேன். மீன்பிடி துறையில் உப்புக் காற்றால் மெல்ல ஏற்படும் அரிப்பு எங்கள் பொறுப்பு. திடீரென அலை அடித்து நனைவது விபத்து. இந்த வேறுபாட்டைப் பாலிசியிலேயே எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

படமாக்கிய பதிவுகள் கருவிகளைவிட விலைமதிப்புள்ளவை. ஒவ்வொரு மெமரி கார்டும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுக்கப்பட்டு, நகல்கள் மூலத்தோடு ஒத்துப்போவது சரிபார்க்கப்பட்ட பிறகே அழிக்கப்படும். இரண்டு நகல்களும் ஒரே வண்டியில் பயணிக்காது. இதன் பிறகும் பதிவு கெட்டுப்போனால் மறுபடப்பிடிப்புச் செலவுக்குக் காப்பீடு வேண்டும்.

திரைக்கதை, நாள்வாரி அட்டவணை, செலவுத் திட்டம், ஸ்டன்ட் மாஸ்டரின் பாதுகாப்பு அறிக்கை, நால்வரின் மருத்துவ விவரங்கள், வாடகை ஒப்பந்தங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். மேலே கூறிய ஏதேனும் மாறினால், குறிப்பாகச் சண்டைக்காட்சி ஒன்று கூடினாலோ இடம் மாறினாலோ, அந்தக் காட்சியைப் படமாக்கும் முன்பே எழுத்து மூலம் தெரிவிப்பேன். மருத்துவப் பரிசோதனைக்கான தேதியை டிசம்பர் 20-க்குள் தெரிவித்தால், கலைஞர்களின் பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தயாரிப்பாளர், ‘தயாரிப்பு எண் 3’
2025 டிசம்பர் 8