நம் ஜவுளிக்கடையின் பாலியல் தொல்லைத் தடுப்பு விதியும் புகார் முறையும்

நம் கடையில் பத்துப் பேர் வேலை செய்வதால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். புடவைப் பிரிவின் மூத்த விற்பனையாளர் அம்மா தலைமையில், பெண் கேஷியர், தையல்காரர், பெண்கள் நல அமைப்பைச் சேர்ந்த வெளி உறுப்பினர் ஒருவர் அதில் இருப்பார்கள்.

குடோனின் குறுகிய வழியில் வேண்டுமென்றே உரசிச் செல்வது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, வேண்டாமென்ற பிறகும் இரவில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது யாவும் தொல்லையே. வாடிக்கையாளர் செய்தாலும் வியாபாரம் போகுமென்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். எழுத இயலாதவருக்குக் குழுவினரே எழுதித் தருவார்கள். விசாரணை 90 நாளுக்குள் முடியும். விசாரணையின்போதும் அதன் பிறகும் பெயர் வெளியே வராது, புகார் தந்ததற்காகச் சம்பளமோ ஷிப்டோ குறைக்கப்படாது. முதலாளியான என் மீதே புகார் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் நேரே செல்லலாம்.